வேட்டி வாங்கும் முன் ஒரு நூலைப் பிரித்துப் பாருங்கள்

தேவிபட்டினத்தில் எங்களுக்கு ஒரு சின்னத் துணிக்கடை இருக்கிறது. நவபாஷாணத்துக்கு வருகிறவர்கள் கடலில் குளித்துவிட்டு மாற்றுவதற்கு வேட்டியும் துண்டும் வாங்குவார்கள், ஊர்க்காரர்கள் கைலியும் போர்வையும் எடுப்பார்கள். புதிதாகத் துணி வியாபாரத்துக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது ஒன்றுதான். இரண்டும் காட்டன், இரண்டிலும் 40 கவுண்ட் என்று போட்டிருக்கிறது, அப்புறம் ஏன் ஒன்று ஆறு மாதத்தில் பிசிறு தட்டி நைந்துபோகிறது, இன்னொன்று இரண்டு வருடம் வருகிறது? கவுண்ட் என்பது நூல் எவ்வளவு மெலிது என்று சொல்கிற எண், எண் கூடக் கூட நூல் மெலியும். பெரும்பாலும் காரணம் பஞ்சு இழையின் நீளம். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய மிஷின் எதுவும் வேண்டாம், ஒரு ஸ்கேல், ஒரு தீக்குச்சி, கொஞ்சம் செலோடேப், ஒரு கறுப்புத் துணி இருந்தால் போதும். எப்படிச் செய்வது என்று கடைசிவரை சொல்கிறேன்.

முதலில் பஞ்சைக் கையில் எடுங்கள்

கமுதி, முதுகுளத்தூர் பக்கம் யாரையாவது தெரிந்தால் கொட்டையோடு இருக்கிற பருத்தி ஒரு பிடி வாங்கி வாருங்கள். ஒரு கொட்டையை எடுத்து, அதைச் சுற்றியிருக்கிற பஞ்சை மெதுவாக விரலால் இரண்டு பக்கமும் வகிடு எடுத்த மாதிரி சீவிவிடுங்கள், வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்த மாதிரி வரும். கொட்டையிலிருந்து இறக்கை நுனி வரைக்கும் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் அதுதான் இழை நீளம். ஒவ்வொரு இழையும் கொட்டையின் தோலிலிருந்து வளர்ந்த ஒரே ஒரு செல்தான். பூ பூத்த நாளிலிருந்து சுமார் 20, 25 நாட்கள் வரைக்கும்தான் அது நீளமாக வளரும், அதற்குப் பிறகு உள்ளே சுவர் தடிக்கும், நீளம் கூடாது. அந்த மூன்று வாரத்தில் மழை ஏமாற்றிவிட்டால், பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அந்தக் காயில் இழை குட்டையாகத்தான் இருக்கும். மானாவாரியாகப் போடுகிற நம் கரிசல் காட்டில் ஒரே ரகம் ஒரு வருடம் நன்றாகவும் அடுத்த வருடம் சுமாராகவும் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நம் நாட்டுச் சந்தையில் 20 மி.மீ.க்குள் இருந்தால் குட்டை இழை, 20.5 முதல் 24.5 வரை நடுத்தரம், 25 முதல் 27 வரை நடுத்தர நீளம், 27.5 முதல் 32 வரை நீள இழை, 32.5க்கு மேல் மிக நீள இழை என்று பிரிப்பார்கள். நம் தெற்குச் சீமையில் பழைய காலத்திலிருந்து விளைந்த கருங்கண்ணிப் பருத்தி இதில் கீழ்ப்படியில் வரும், இழை குட்டை, தடிமன் அதிகம். எதிர்முனையில் 1974இல் கோயம்புத்தூரில் வெளியிட்ட சுவின் ரகம் இருக்கிறது, சுஜாதா என்ற ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் என்ற ரகத்தையும் சேர்த்து உண்டாக்கியது, பெயரும் அப்படி வந்ததுதான், இழை 38 மி.மீ.யைத் தாண்டும். இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், 27க்கு மேல் போனால் நீளம் என்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் கடையில் போதும்.

நீளம் ஏன் பலமாக மாறுகிறது

நம் கரையில் கயிறு திரித்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பனந்தும்பில் நீளமானதை எடுத்துத் திரித்தால் கொஞ்சம் முறுக்கிலேயே கயிறு பிடித்துக்கொள்ளும். துண்டு துண்டாகக் கிடப்பதைத் திரித்தால், எவ்வளவு முறுக்கினாலும் இழுக்கும்போது உருவிக்கொண்டு வரும். பஞ்சு நூலும் அப்படித்தான். நூலுக்குள் இழைகளை ஒட்டிவைக்கிற பசை எதுவும் இல்லை, முறுக்கு ஒன்றோடு ஒன்றை அழுத்துகிறது, அந்த உராய்வுதான் பிடி. நீளமான இழை பக்கத்து இழைகளோடு அதிக தூரம் ஒட்டிக் கிடக்கும், இழுத்தால் உருவாமல் தன் சொந்தப் பலத்தைக் கொடுக்கும். குட்டை இழை தன் பலம் முழுவதையும் காட்டும் முன்பே வழுக்கி வெளியே வந்துவிடும். அதை ஈடுகட்ட நூற்பாலையில் முறுக்கைக் கூட்டுவார்கள், அப்போது நூல் நிற்கும், ஆனால் தொட்டால் வறட்டு வறட்டென்று இருக்கும்.

வழுவழுப்புக்கும் காரணம் இதே கதைதான், ஆனால் இங்கே பார்க்க வேண்டியது இழையின் முனைகளை. மீன்வலை நைலான் நரம்பு ஏன் அவ்வளவு வழவழவென்று இருக்கிறது? அதற்கு நடுவில் முனையே கிடையாது. பஞ்சு நூலில் ஒவ்வொரு இழைக்கும் இரண்டு முனை, அதில் ஒரு பங்கு நூலை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் பிசிறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், கஷ்டமில்லை. 40 கவுண்ட் நூலைக் குறுக்கே வெட்டினால், சாதாரணத் தடிமன் உள்ள பஞ்சாக இருந்தால் அதில் ஏறத்தாழ 94 இழைகள் இருக்கும். சராசரி இழை 20 மி.மீ. என்றால் ஒரு சென்டிமீட்டர் நூலில் 47 இழைகள் தொடங்கும், 47 முடியும், ஆக 94 முனை. சராசரி 28 மி.மீ. என்றால் அதே ஒரு சென்டிமீட்டரில் 67 முனைதான். ஒரு சென்டிமீட்டருக்கு 27 முனை குறைகிறது. ஒரு வேட்டியில் எத்தனை கிலோமீட்டர் நூல் ஓடுகிறது என்று நினைத்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் கைக்கு ஏன் தெரிகிறது என்று புரியும்.

இங்கே சராசரி என்று சொன்னதைக் கவனியுங்கள். 30 மி.மீ. பஞ்சு என்று விற்றால் எல்லா இழையும் 30 இல்லை. அது நீளமான இழைகளின் அளவு, கூடவே 10, 12 மி.மீ. குட்டைகளும் கலந்து கிடக்கும். கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரிக்கிற ஜின்னிங்கில் பஞ்சு ரொம்பக் காய்ந்திருந்தால் அங்கேயே முறிந்து குட்டை இன்னும் கூடும். கோம்ப்டு நூல் என்று சொல்கிறார்களே, அது இந்தக் குட்டைகளைச் சீப்பு போட்டுச் சீவி எடுத்த நூல், நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் இருபது பங்கு வரைகூட கழிவாகப் போகும். விலை ஏறுவதற்குக் காரணம் அந்தக் கழிவும்தான். சீவாமல் நூற்றது கார்டடு. நல்ல நீள ரகப் பஞ்சைச் சீவாமல் நூற்றதைவிட கொஞ்சம் குறைந்த ரகத்தைச் சீவி நூற்றது வழவழப்பாக இருக்கலாம், அதனால் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நூலைப் பிரித்துப் பாருங்கள்.

பிரித்துப் பார்க்கும் முறை

கடையிலிருந்து வந்த துணியை அப்படியே எடுத்துச் சோதித்தால் ஏமாந்துவிடுவீர்கள், ஏனென்றால் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலில் கஞ்சி போட்டிருப்பார்கள், மேலே மெழுமெழுப்புக்கு மருந்தும் கொடுத்திருப்பார்கள். அதனால் முதலில் துணி முனையிலிருந்து ஒரு விரற்கடை அகலம், கையளவு நீளம் வெட்டி, சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு ஊறவைத்துக் கசக்கி அலசிக் காயவையுங்கள். கஞ்சி போனதும் துணியின் நிஜ முகம் தெரியும். நான் இதைத் தவிர்த்துவிட்டு முதல் தடவை செய்தபோது நூல் முறுக்கே பிரியவில்லை, கஞ்சி ஒட்டிக்கொண்டு கம்பி மாதிரி நின்றது.

இப்போது ஓரத்திலிருந்து, குறுக்கே ஓடுகிற ஊடை நூல் ஒன்றை, முடிந்தால் 15 செ.மீ. நீளத்துக்கு உருவி எடுங்கள். ஊடையில் கஞ்சி இருக்காது என்பதால் அது வசதி. ஒரு முனையை மேஜையில் டேப் போட்டு ஒட்டுங்கள். அதிலிருந்து சரியாக 4 செ.மீ. தள்ளி நூலை ஒரு தீக்குச்சியின் நடுவில் டேப்பால் ஒட்டுங்கள். இப்போது குச்சியைப் பிடித்து நூல் தளர்கிற திசையில் சுற்றுங்கள். 40 கவுண்ட் நூலில் ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் பத்து முறுக்கு இருக்கும், அதனால் 4 செ.மீ.க்குக் கிட்டத்தட்ட 40 சுற்று. கறுப்புத் துணியைக் கீழே விரித்து, மொபைல் காமிராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் இழைகள் சாய்ந்து கிடப்பது மாறி நேராகப் படுப்பது தெரியும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் சுற்றினால் எதிர்ப்பக்கம் முறுக்கேறி, மறுபடி நூல் இறுகிவிடும், புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். இரட்டை முறுக்கு நூல் என்றால் முதலில் இரண்டு பிரியையும் எதிர்த் திசையில் பிரித்து, ஒரு பிரியை மட்டும் எடுத்துக்கொண்டு செய்யுங்கள்.

முறுக்கு போன பிறகு குச்சியை மெதுவாக இழுங்கள். 4 செ.மீ. இடைவெளியில் எந்தச் சாதாரண பஞ்சுநூலும் எதிர்ப்பு இல்லாமல் பஞ்சுத் திரி மாதிரி நீண்டு பிரிந்துவிடும், ஏனென்றால் இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் பிடித்திருக்கிற இழை ஒன்றும் இல்லை. அடுத்த புது நூலில் 3.5 செ.மீ., அப்புறம் 3, அப்புறம் 2.5 என்று இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், ஒவ்வொரு தடவையும் புது நூல், சுற்றும் அந்த அளவுக்குக் குறையும். ஒரு கட்டத்தில் இழுத்தால் வழுக்காமல், லேசாக விறைத்து நின்று, பிறகு பட்டென்று அறுந்துவிடும். அந்த இடைவெளியில்தான் நிறைய இழைகள் இரண்டு பக்கத்தையும் இணைத்துப் பிடித்திருக்கின்றன. 3 செ.மீ.யில் வழுக்கி 2.5இல் விறைத்தால் அந்தப் பஞ்சின் நீளமான இழைகள் 25க்கும் 30க்கும் இடையில். நூற்பாலையில் பஞ்சை இழுத்து மெலிதாக்குகிற உருளைகளின் இடைவெளியைப் பஞ்சின் நீளத்துக்கேற்ப வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

சந்தேகமிருந்தால் பிரிந்த திரியின் நடுவிலிருந்து ஊசியால் பத்து இருபது இழைகளை எடுத்து, ஈரவிரலால் நீவி, கறுப்புத் துணியில் நேராக்கி அளந்து பாருங்கள். நூலின் வெட்டிய முனையிலிருந்து எடுக்காதீர்கள், அங்கே கத்தரியே இழையைக் குட்டையாக்கியிருக்கும். நெய்தலிலும் நூற்பிலும் கொஞ்சம் முறிந்திருக்கும் என்பதால் இந்த அளவு பஞ்சின் அசல் நீளத்தைவிடச் சிறிது குறைவாகவே வரும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மி.மீ. சுத்தமாகத் தெரிய வேண்டும் என்றால் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும், ஆனால் குட்டையா நீளமா என்று பிரிக்க இது போதும்.

ஒரு நிஜ வேலை: நாற்பது வேட்டிகள்

இரண்டு வருடத்துக்கு முன் வெளியூர் மொத்த வியாபாரி ஒருவரிடம் நாற்பது வேட்டி எடுத்தேன். பட்டையில் 40 கவுண்ட், கோம்ப்டு, நீள இழை என்று அழகாக அச்சடித்திருந்தது. கையில் பிடித்தால் மிருதுவாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு துவைப்பில் இடுப்பில் சொருகுகிற இடமும் தொடைப்பக்கமும் பிசிறு கிளம்பி, பாத்திரம் தேய்க்கிற துணி மாதிரி மங்கிப்போனதாக நாலைந்து பேர் கொண்டுவந்து காட்டினார்கள். எனக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது, ஏனென்றால் இரண்டு பேருக்கு நானே எடுத்துக்கொடுத்த வேட்டி.

ஒன்றை அலசிக் கஞ்சி எடுத்து, மேலே சொன்ன மாதிரி செய்தேன். 3 செ.மீ.யில் ஆறு நூலும் வழுக்கின. 2.5இல் ஐந்து நூல் விறைத்து அறுந்தது, ஒன்று வழுக்கியது. சரி, நீளமான இழையே 26 மி.மீ. அளவில்தான் இருக்கிறது. அடுத்து ஊசியால் எடுத்த இருபது இழையில் ஏழு 15 மி.மீ.க்குக் கீழே. கோம்ப்டு நூலில் அத்தனை குட்டை இருக்கக்கூடாது, சீவியிருந்தால் அவை கழிவாகப் போயிருக்கும். எனவே அது கார்டடு நூல், நடுத்தர நீளம். ஒப்பிடுவதற்கு பரமக்குடியில் ஒரு தறிக்காரரிடம் எடுத்திருந்த 40 கவுண்ட் கோம்ப்டு வேட்டியைச் சோதித்தேன், அதில் 3 செ.மீ.யிலேயே ஆறில் ஐந்து விறைத்தது. அந்த வேட்டி எங்கள் வீட்டில் அந்த இரண்டு வருடமாக உடுத்தியும், இடுப்பு மடிப்பு மட்டும்தான் லேசாக மெலிந்திருக்கிறது.

நூல் சாம்பிளைக் காகிதத்தில் ஒட்டி, எத்தனை செ.மீ.யில் வழுக்கியது என்று எழுதி வியாபாரிக்கு அனுப்பினேன். மீதி வேட்டிகளை மறுபேச்சில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டார். அதிலிருந்து ஆர்டர் போடும் முன் ஒரு முழத் துண்டு சாம்பிள் கேட்டு வாங்கி, அலசிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுகிறேன்.

கடையில் நின்று பார்ப்பதென்றால்

நூல் உருவ முடியாத இடத்தில் முழு அளவு கிடைக்காது, ஆனாலும் இரண்டு விஷயம் பார்க்கலாம். துணியை மடித்து மடிப்பு ஓரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், ஓரத்தில் முடி மாதிரி பிசிறு அடர்த்தியாக நின்றால் குட்டை இழை அதிகம் என்று சந்தேகப்படலாம். ஆனால் சில துணிகளில் பிசிறைத் தீயில் சுட்டு எடுத்திருப்பார்கள், அப்போது புதிதில் தெரியாது. அடுத்து, ஈர விரலால் ஓரிடத்தை முப்பது நாற்பது தடவை தேய்த்துப் பாருங்கள். கஞ்சி மாவாக உதிரும், அதன் கீழே இழைகள் கிளம்பி நின்றால் மூடி மறைத்திருந்தது வெளியே வந்துவிட்டது என்று பொருள். பளபளப்பை நம்பாதீர்கள், அது காரத்தில் நனைத்து மெர்சரைஸ் செய்ததாலும் வரும், இஸ்திரியாலும் வரும்.

கவுண்ட் பெரிது என்றால் இழை நீளம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். ஓரளவுக்கு. 80, 100 கவுண்ட் மெல்லிய நூல் குட்டைப் பஞ்சில் நூற்கவே வராது, அறுந்துகொண்டே இருக்கும், அதனால் அங்கே கவுண்ட்டே ஒரு சாட்சி. ஆனால் 20, 30, 40இல் இரண்டு வகையும் கலந்து வரும், அங்கேதான் சோதனை தேவை. இன்னொன்று, மெல்லிய நூல் நீள இழையாக இருந்தாலும் மெல்லியதுதான். கடலுக்குப் போகிறவர் உடுத்த 100 கவுண்ட் வேட்டி கொடுத்தால் அது தாங்காது. கைலிக்கும் துண்டுக்கும் தடித்த நூல்தான் நல்லது, அதில் கருங்கண்ணி மாதிரிக் குட்டைப் பஞ்சு தாராளமாகப் போகும், ஜமுக்காளம், தடித்த போர்வை, விளக்குத் திரி எல்லாவற்றுக்கும் அதுவே போதும், நீள இழைக்கு விலை கொடுப்பது வீண்.

நீள இழையாலும் காப்பாற்ற முடியாதவை

நம் கரையில் துணி கெடுவதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன, அவற்றை இழை நீளத்தின் மேல் போடக்கூடாது. பஞ்சு இழை ஈரத்தில் பலவீனமாகாது, காய்ந்த நிலையைவிட ஈரத்தில் இழுபலம் கூடத்தான் செய்யும், அதனால் கடல் தண்ணீரில் நனைந்ததே துணியைக் கிழிக்காது. நனைந்த துணியை அலசாமல் காயவிட்டால் உப்பு நூலுக்குள் கல்லாக உறைந்து, நடக்க நடக்க அரம் மாதிரி உரசும். நல்ல தண்ணீர் கிடைக்கிற இடத்தில் உடனே அலசுங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திட்டாகப் படிந்து துணி விறைக்கும், விறைத்ததென்று கல்லில் போட்டு அடித்தால் இழையே முறிந்துவிடும். 30 மி.மீ. இழையை நடுவில் முறித்தால் அதுவும் குட்டை இழைதான். பிளீச்சிங் பவுடரும் இப்படித்தான், இழையின் பலத்தையே தின்னும்.

ஈரத்தை மடித்து வைத்தால் கறுப்புப் புள்ளி விழும் பூஞ்சைக்கு நீளம் குட்டை எல்லாம் ஒன்றுதான். வெயிலும் அப்படியே. பாம்பன், மண்டபம் பக்கம் கொடியில் நாள் முழுக்கத் துணியை விட்டுவிட்டு மாலையில் எடுப்பார்கள், காய்ந்ததும் எடுத்தால் போதும், இல்லாவிட்டால் உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பிப் போடுங்கள். வாடிக்கையாளர் ஒருவர் நைந்த துணியைக் கொண்டுவந்தால் நான் முதலில் நைந்த இடம் எங்கே என்று பார்ப்பேன். உரசுகிற இடத்தில் மட்டும் பிசிறு என்றால் பஞ்சைச் சோதிப்பேன், கொடியில் வெயில் பட்ட தோள்பக்கம் முழுவதும் கையால் இழுத்தாலே கிழிகிறது என்றால் துவைப்பையும் காயவைப்பதையும் பற்றிக் கேட்பேன்.